ஆட்சியருக்கு நேரடியாக ஒரு வாட்ஸ்அப் செய்தி

மாவட்ட ஆட்சியருக்கும் ஓர் உதவிப் பொறியாளருக்கும் இடையே எத்தனை படிகள் இருக்கின்றன என்று அரசுப் பணியில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உதவிப் பொறியாளருக்கு மேலே உதவி செயற்பொறியாளர், அவருக்கு மேலே செயற்பொறியாளர், அதற்கும் மேலே கண்காணிப்புப் பொறியாளர். வருவாய்த் துறையில் இதேபோல் கிராம நிர்வாக அலுவலர் தொடங்கி வட்டாட்சியர், கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் என்று ஒரு தனி ஏணி. கோப்பு ஒவ்வொரு படியிலும் நின்று, ஒவ்வொருவரின் குறிப்பையும் வாங்கிக்கொண்டுதான் ஆட்சியரின் மேசைக்கு வரும். அந்த முறைக்கு ஒரு காரணம் உண்டு; அதை நான் மதிக்கிறேன். ஆனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அந்தப் படிகளில் ஏறிவர நேரம் இல்லாத சில இரவுகள் வரும். அந்த இரவுகளில் களத்தில் நிற்கும் இளநிலை அலுவலர் ஆட்சியரின் கைப்பேசிக்கு நேரடியாக எழுதுகிறார். எழுதவும் வேண்டும்.

நான் ஆட்சியரின் முகாம் அலுவலகத்தில் எழுத்தராகவும் பிறகு பேரிடர் மேலாண்மைப் பிரிவில் துணை வட்டாட்சியராகவும் வேலை பார்த்தவன். ஆட்சியர் கூட்டத்தில் இருக்கும்போது அலுவலகக் கைப்பேசி பல நேரம் என் மேசையில் இருக்கும். வந்து குவியும் செய்திகளில் எதை உடனே உள்ளே எடுத்துக்கொண்டு போவது, எது காத்திருக்கலாம் என்று பார்ப்பது என் பொறுப்பு. அதனால் இப்படிப்பட்ட செய்திகளை எழுதுபவரின் பக்கத்திலிருந்து அல்ல, படிப்பவரின் பக்கத்திலிருந்து நான் அறிவேன். எழுதுபவர்கள் பெரும்பாலும் நல்ல அலுவலர்கள், வேலையில் கெட்டிக்காரர்கள். அவர்களுடைய செய்தி வீணாகப் போவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுக்காது.

ஓர் இரவில் வந்த செய்தியையே எடுத்துக்கொள்கிறேன். ஊரின் பெயரும் ஏரியின் பெயரும் இங்கே வேண்டாம். இரவு பத்தரைக்கு மேல், நீர்வளத் துறையின் ஓர் இளம் உதவிப் பொறியாளர் ஏரிக்கரையிலிருந்து எழுதினார். செய்தி இப்படித் தொடங்கியது:

"மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித் தலைவர் அம்மா அவர்களின் மேலான கவனத்திற்குப் பணிந்து சமர்ப்பிப்பது யாதெனில், நமது மாவட்டத்தில் கடந்த சில தினங்களாகப் பெய்துவரும் வடகிழக்குப் பருவமழையின் காரணமாக நீர்வளத் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள ஏரிகளில் பெரும்பாலானவை தமது முழுக் கொள்ளளவை எட்டியுள்ள நிலையில்..."

இதில் ஒரு சொல்கூட மரியாதைக் குறைவானது இல்லை. அலுவலகக் கடிதம் எழுதக் கற்ற எவரும் இப்படித்தான் தொடங்குவார்கள். ஆனால் பூட்டிய கைப்பேசியின் திரையில் ஒரு செய்தியின் முதல் இரண்டு மூன்று வரிகள்தான் தெரியும். அன்றிரவு அந்தத் திரையில் தெரிந்தது "மேலான கவனத்திற்குப் பணிந்து சமர்ப்பிப்பது யாதெனில்" வரைதான். அதற்கு மேலும் கீழும் வேறு பத்துச் செய்திகள். ஒரு வட்டத்தின் மழை அளவு, ஒரு நிவாரண முகாமின் உணவுப் பட்டியல், ஒரு மரம் விழுந்த படம். இந்தச் செய்தியும் வழக்கமான மழை அறிக்கைகளில் ஒன்று என்றே தோன்றும். கரை கசிகிறது என்ற விவரம் ஏழாவது வரியில் இருந்தது.

கடிதத்தில் முன்னுரை எழுதுவது தவறில்லை. கடிதத்தைப் பிரித்து மேசையில் விரிக்கிறார்கள். முழுத் தாளும் ஒரே பார்வையில் கண்ணில் படும். பொருள் என்று மேலே தனியாக ஒரு வரியும் இருக்கும். கைப்பேசிச் செய்தியில் அந்தப் பொருள் வரி கிடையாது. ஆகவே முதல் வாக்கியமே அந்த வேலையைச் செய்தாக வேண்டும். "வணக்கம் அம்மா" என்ற இரண்டு சொற்கள் போதும். அடுத்த சொல்லிலிருந்தே விஷயம் வந்துவிட வேண்டும். ஆட்சியர் ஆணாக இருந்தால் "வணக்கம் ஐயா". வெறும் வணக்கத்தை மட்டும் அனுப்பிவிட்டு, அவர் பதில் வணக்கம் சொன்ன பிறகு விஷயத்தை எழுதலாம் என்று காத்திருப்பவர்களும் உண்டு. அது எதிரில் நின்று பேசும்போது பொருந்தும் பண்பு. கைப்பேசியில், இவருக்கு என்ன வேண்டும் என்று ஆட்சியரே கேட்கும்படி ஆகிவிடுகிறது.

அந்த முதல் வரியில் எழுதுபவர் யார் என்பதும் வந்துவிட வேண்டும். ஆட்சியரின் எண் பதவிக்குரிய எண். ஆட்சியர்கள் மாறுவார்கள், எண் மாறாது. அதனால் கீழ்நிலை அலுவலர்கள் எல்லோரிடமும் ஆட்சியரின் எண் இருக்கும். ஆட்சியரின் கைப்பேசியில் எல்லா உதவிப் பொறியாளர்களின் பெயரும் பதிந்திருக்காது; அவருக்குத் தெரிவது பத்து இலக்க எண் மட்டுமே. பொதுமக்களில் ஒருவரா, பத்திரிகையாளரா, அலுவலரா என்று தெரியாத எண்ணிலிருந்து "கரை உடையப் போகிறது" என்று வந்தால், அதை முதலில் யாரிடமாவது சரிபார்க்கச் சொல்வதே முறை. "நீர்வளத் துறை உதவிப் பொறியாளர்" என்ற நான்கு சொற்கள் அந்தச் சரிபார்ப்பைப் பாதியாகக் குறைத்துவிடும். பெயரைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம். அந்த நேரத்தில் பதவிதான் பேசுகிறது.

இனி இதைவிட முக்கியமான பகுதி. இதைப் பெரும்பாலோர் மரியாதையோடு சேர்த்து எண்ணுவதில்லை. அந்தச் செய்தியின் முடிவில் உதவிப் பொறியாளர் இப்படிக் கேட்டிருந்தார்: "எனவே, மணல் மூட்டைகள், சவுக்குக் கட்டைகள் மற்றும் தேவையான உதவிகள் அனைத்தையும் உடனடியாக வழங்கிட ஆவன செய்யுமாறு பணிந்து வேண்டுகிறேன்."

மணல் மூட்டைகளும் சவுக்குக் கட்டைகளும் மழைக்காலத்துக்கு முன்பே துறையின் இருப்பில் சேர்த்து வைக்கப்படுபவை. அவற்றை எடுத்துக் கொடுக்க அவருடைய செயற்பொறியாளரால் முடியும். அதற்கு ஆட்சியர் தேவையில்லை. ஆட்சியர் ஒருவரால் மட்டுமே முடிவது வேறு. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005இன்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் அவர்தான். மாவட்டத்தில் உள்ள எந்தத் துறையிடமும் எந்த உள்ளாட்சி அமைப்பிடமும் இருக்கும் பொருளையும் ஆளையும் விடுவிக்கச் சொல்லும் அதிகாரம் அந்த ஆணையத்துக்கு உண்டு. சாலையில் போக்குவரத்தை நிறுத்தவும், மக்களுக்குத் தங்குமிடம் ஏற்பாடு செய்யவும் அதனால் முடியும். ஏரிக்குக் கீழே இருக்கும் குடியிருப்பை இரவோடு இரவாகக் காலி செய்து, பள்ளிக்கூடத்தைத் திறந்து, நெடுஞ்சாலைத் துறையின் ஜேசிபியை நீர்வளத் துறையின் ஏரிக்கு அனுப்பி, காவல் துறையை அங்கே நிறுத்துவதென்றால் ஒரு சொல் போதும். ஆனால் அந்தச் சொல் ஆட்சியருடையதாக இருக்க வேண்டும்.

பதவிக்குக் காட்டும் மரியாதை என்று நான் நினைப்பது இதைத்தான். என் நிலையில் நான் செய்யக்கூடியதைச் செய்துவிட்டேன், என் மேலதிகாரி செய்யக்கூடியதை அவரிடம் கேட்டுவிட்டேன், இனி மிச்சம் இருப்பது தங்களால் மட்டுமே ஆகக்கூடியது என்று காட்டுவது. பணிவான சொற்களை எவ்வளவு அடுக்கினாலும், கேட்கிற பொருள் தவறான படிக்கு உரியதாக இருந்தால் ஆட்சியரின் நேரம் வீணாகிறது. அவர் அதைச் செயற்பொறியாளருக்கு அனுப்புவார்; செயற்பொறியாளர் "என்னிடம் கேட்காமல் ஏன் மேலே போனாய்" என்று கேட்பார்; ஏரிக்கரையில் நிற்பவருக்கு அரைமணி நேரம் போய்விடும். "தேவையான உதவிகள் அனைத்தையும்" என்ற தொடரை வைத்து ஆட்சியரால் எந்த உத்தரவும் இட முடியாது. எத்தனை வீடு, எங்கே, எப்போதைக்குள் என்று இருந்தால்தான் அவரால் வட்டாட்சியரை அழைத்துச் சொல்ல முடியும்.

அடுத்து, செய்தியில் எந்த உண்மை இருக்க வேண்டும், எது தேவையில்லை என்பது. சுருக்கமாக எழுது என்று சொல்வது எளிது. எதை வெட்டுவது என்று தெரிய வேண்டுமானால் துறை தெரிந்திருக்க வேண்டும். ஏரிக்கரையில் கசிவு என்றால் பயிற்சி பெற்ற பொறியாளர் முதலில் பார்ப்பது கசியும் நீரின் நிறத்தை. கரையின் வெளிப்புற அடிவாரத்தில் தெளிந்த நீர் மெதுவாக ஊறினால் அது பல ஏரிகளில் ஆண்டுதோறும் நடப்பது, கண்காணித்தால் போதும். அதே இடத்தில் மண் கலந்த நீர் வந்தால், கரைக்குள்ளே மண் அரித்துக்கொண்டு வெளியேறுகிறது என்று பொருள். உள்ளே ஒரு துளை உருவாகி வளர்ந்துகொண்டிருக்கிறது. அது சில மணி நேரத்தில் உடைப்பாக மாறலாம். இரண்டாவது கேள்வி, கசிவு கூடுகிறதா, அப்படியே இருக்கிறதா என்பது. இந்த இரண்டும்தான் மக்களை எழுப்பி வெளியேற்றுவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கின்றன. ஏரியின் ஆயக்கட்டுப் பரப்பு, கரையின் மொத்த நீளம், கடைசியாக எப்போது பராமரிப்புப் பணி நடந்தது என்பவை எல்லாம் உண்மைதான். ஆனால் அன்றிரவு அவற்றால் எந்த முடிவும் மாறாது. முதல் செய்தியில் ஆயக்கட்டுப் பரப்பு ஏக்கர் கணக்கில் இருந்தது. நீரின் நிறம் பற்றி இருந்தது ஒரே ஒரு தொடர்: "கலங்கல் நீர் வெளியேறி வருகிறது."

அந்தத் தொடர்தான் எனக்கு இன்றும் நினைவில் நிற்கிறது. அவர் சொல்ல வந்தது, கலங்கிய நீர் கசிகிறது என்பது. ஆனால் கலங்கல் என்பது ஏரி நிரம்பினால் மிகுதி நீர் வழிந்து போகும் இடத்துக்கும் பெயர். கலங்கல் வழியாக நீர் போவது ஏரி நிரம்பியதன் அடையாளம். ஊர் மக்கள் மகிழ்ந்து பூத்தூவும் விஷயம். ஏரிகளைப் பற்றித் தெரிந்தவர் அந்த வரியை அப்படித்தான் படிப்பார். வேகமாகப் படிக்கும் கண், தனக்கு எது வழக்கமோ அந்தப் பொருளைத்தான் எடுத்துக்கொள்ளும். அதனால் அபாயத்தைச் சொல்லும் சொல் வேறெந்தப் பொருளையும் தராத சொல்லாக இருக்க வேண்டும். "மண் கலந்த நீர்" என்று எழுதினால் அது வேறொன்றாகப் புரிய வழியில்லை. நல்லவேளையாக, அந்தப் பொறியாளர் செய்தியோடு நின்றுவிடவில்லை. கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணுக்கும் அழைத்திருந்தார். அங்கிருந்த பணியாளர் என்னிடம் சொன்ன பிறகுதான் நான் அந்தச் செய்தியை முழுவதும் படித்தேன்.

பிறகு ஒரு நாள், மழை ஓய்ந்த பின், அவர் வேறு வேலையாக அலுவலகத்துக்கு வந்தபோது இருவரும் உட்கார்ந்து அதே செய்தியைத் திருத்தி எழுதினோம். "ஆட்சியருக்கு இவ்வளவு மொட்டையாக எழுதலாமா அண்ணே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அது இப்படி வந்தது:

"வணக்கம் அம்மா. நீர்வளத் துறை உதவிப் பொறியாளர். பெரிய ஏரிக் கரையில் மண் கலந்த நீர் கசிகிறது. கீழே உள்ள சுமார் 40 வீடுகளை இரவே காலி செய்ய உத்தரவு வேண்டுகிறேன்.

இடம்: 2ஆம் மதகுக்கு வடக்கே சுமார் 50 மீட்டர், கரையின் வெளிப்புற அடிவாரம்.

இரவு 10.30 நிலை: ஏரி நிரம்பி மிகுதி நீர் வழிகிறது. கசிவு கடந்த ஒரு மணி நேரத்தில் கூடியுள்ளது.

மதகு முழுவதும் திறந்துள்ளோம். கசிவைச் சுற்றி மணல் மூட்டை வளையம் அமைத்து வருகிறோம். ஜேசிபி ஒன்று தேவை. அருகில் நெடுஞ்சாலைத் துறையிடம் உள்ளது.

செயற்பொறியாளரிடமும் வட்டாட்சியரிடமும் தொலைபேசியில் தெரிவித்துவிட்டேன். செயற்பொறியாளர் வந்துகொண்டிருக்கிறார்.

அடுத்த நிலவரம் 11.15க்கு அனுப்புகிறேன்."

ஊர், ஊராட்சி, வட்டத்தின் பெயர்களும் அவருடைய பெயரும் உண்மையான செய்தியில் இருக்கும், இங்கே விட்டிருக்கிறேன். மாவட்டத்தில் பெரிய ஏரி என்ற பெயரில் பல ஏரிகள் இருக்கும் என்பதால் வட்டத்தின் பெயர் கட்டாயம் வேண்டும்.

மொட்டையாக இருக்கிறதா என்ற அவருடைய கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் இளையவர்கள் பலரையும் தடுப்பது அந்தத் தயக்கம்தான். தமிழில் மரியாதை வினைச்சொல்லிலேயே இருக்கிறது. "உத்தரவு வேண்டுகிறேன்" என்பதில் பணிவு இருக்கிறது. அதற்கு முன்னால் "மேலான", "கனிவான", "பணிந்து" என்ற மூன்றையும் சேர்ப்பதால் அது கூடுவதில்லை. உண்மையிலேயே காதில் உறுத்துவது வேறு. "உடனே நடவடிக்கை எடுக்கவும்", "இணைப்பைப் பார்க்கவும்", "வட்டாட்சியரிடம் சொல்லவும்" என்று "-வும்" என முடியும் வாக்கியங்கள். அது மேலிருந்து கீழே வரும் சுற்றறிக்கையின் நடை. அவசரத்தில் கை தானாக அப்படி எழுதிவிடுகிறது. "எடுக்க வேண்டுகிறேன்", "இணைத்துள்ளேன்" என்று மாற்றினால் நீளமும் கூடாது, நிலையும் தவறாது. ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் "ப்ளீஸ்" சேர்த்துச் சமாளித்துவிடுகிறார்கள். தமிழில் வினையை மாற்றினால்தான் சரியாகும்.

செயற்பொறியாளரிடம் தெரிவித்துவிட்டேன் என்ற வரி தனியாகக் கவனிக்கத்தக்கது. அது இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. ஆட்சியர் அடுத்து யாரை அழைக்க வேண்டும், அவருக்கு ஏற்கெனவே எவ்வளவு தெரியும் என்று அது சொல்லிவிடுகிறது. செயற்பொறியாளருக்கோ, தன்னைத் தாண்டிப் போகவில்லை என்ற நிம்மதி. அந்த வரி உண்மையாக இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். ஆட்சியருக்கு எழுதும் முன் மேலதிகாரியை அழைத்தே ஆக வேண்டும். அவர் எடுக்கவில்லை என்றால் "இருமுறை அழைத்தேன், தொடர்பு கிடைக்கவில்லை" என்று எழுதலாம். "அவர் எடுக்கவே மாட்டேன் என்கிறார்" என்று எழுதக்கூடாது. முதலாவது ஒரு தகவல், இரண்டாவது ஒரு புகார். கசிவுக்கு என்ன காரணம், யார் கால்வாயை அடைத்தார்கள், எந்தத் துறை பழுது பார்க்கவில்லை என்பதற்கும் இதே விதிதான். அவை உண்மையாகவே இருந்தாலும் கோப்பில் எழுத வேண்டியவை. ஆபத்துச் செய்தியில் ஒரு குற்றச்சாட்டு கலந்துவிட்டால், படிப்பவருக்கு அந்தச் செய்தி முழுவதன் மீதும் ஐயம் வரும்.

கசிவைச் சுற்றி வளையம் என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. மண் கலந்து நீர் வரும் வாயை நேரே அடைத்தால், உள்ளே அழுத்தம் கூடி வேறொரு இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். அதனால் அடைக்காமல், சுற்றிலும் மூட்டைகளை அடுக்கி, அதற்குள் நீரை நிற்கவிட்டு அழுத்தத்தைக் குறைப்பார்கள். "மூட்டை போட்டு அடைத்துவருகிறோம்" என்று எழுதியிருந்தால் விஷயம் தெரிந்த ஆட்சியரோ, செய்தியைப் பார்க்கும் தலைமைப் பொறியாளரோ கேள்வி கேட்டிருப்பார்கள். "வளையம்" என்ற ஒரு சொல்லிலேயே, களத்தில் நிற்பவர் சரியான வேலையைச் செய்துகொண்டிருக்கிறார் என்று தெரிந்துவிடுகிறது. மேலே இருப்பவர் நம்பி உத்தரவிட அதுவே போதும்.

படங்களைப் பற்றிக் கொஞ்சம். ஒரே ஒரு படம், கசிவின் அருகில் ஓர் ஆளோ மண்வெட்டியோ இருக்கும்படி எடுத்தால் அளவு தெரியும். இருட்டில் எடுத்த எட்டுப் படங்கள் செய்தியை மேலே தள்ளிவிடும். அவற்றைத் தாண்டித்தான் எழுத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கும். வாட்ஸ்அப் வழியாகச் சாதாரணமாக அனுப்பும் படத்தில், எடுத்த இடத்தைப் பற்றிய பதிவு நீங்கிவிடும். ஆகவே இடத்தை எழுத்தில் சொல்வது தவிர வேறு வழி இல்லை. வேறொருவர் அனுப்பிய படத்தை அப்படியே அனுப்பினால் அது பிறரிடமிருந்து வந்தது என்ற குறியோடு போகும். எப்போது எடுத்தது என்ற ஐயம் எழும். குரல் பதிவு வேண்டவே வேண்டாம். ஆய்வுக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவரால் அதைக் கேட்க முடியாது. மற்றொருவருக்கு அனுப்பினாலும் அவரும் முழுவதையும் கேட்டாக வேண்டும். எழுத்தாக இருந்தால் ஆட்சியர் அதை ஒரு நொடியில் காவல் கண்காணிப்பாளருக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் அனுப்பிவிடுவார். உங்கள் செய்தி உங்களை விட்டுப் போய்ப் பல கைகளில் உத்தரவாக மாறக்கூடியது என்பதை நினைவில் வைத்தே எழுத வேண்டும்.

தவறு நேர்ந்தால்? 40 வீடு என்று எழுதியது உண்மையில் 70 என்று தெரியவந்தால், அனுப்பிய செய்தியைத் திருத்தவோ அழிக்கவோ கூடாது. திருத்துவதற்கு முதல் 15 நிமிடம்தான் இடம் உண்டு. அதற்குள்ளேயே திருத்தினாலும், ஏற்கெனவே படித்துவிட்டு 40 வீட்டாருக்கு இடம் பார்க்கச் சொல்லிவிட்டவருக்கு மாற்றம் தெரியாமல் போகும். அழித்தாலோ, செய்தி நீக்கப்பட்டது என்ற குறி மட்டும் அங்கே நிற்கும். நள்ளிரவில் அதைப் பார்ப்பவருக்கு என்னவோ ஏதோ என்று இருக்கும். "திருத்தம்: 40 வீடுகள் அல்ல, 70 வீடுகள்" என்று புதிதாக ஒரு வரி அனுப்புவதே நேர்மை.

பதில் வரவில்லை என்றால் எவ்வளவு நேரம் பொறுப்பது என்று எல்லோரும் கேட்பார்கள். இரட்டை நீலக் குறி வந்துவிட்டது, ஆட்சியர் பார்த்துவிட்டார், இனி அவர் பாடு என்று இருந்துவிடக்கூடாது. பார்த்தது ஏற்றுக்கொண்டதாகாது, உத்தரவு ஆகவும் ஆகாது. பத்து நிமிடத்தில் பதில் இல்லாவிட்டால் அழைக்க வேண்டும். மண் கலந்த நீர் போன்ற நிலையில், அழைப்புத்தான் முதலில், செய்தி அதற்குப் பிறகு பதிவாக. "அம்மாவைத் தொந்தரவு செய்யலாமா" என்று தயங்குபவர்களை நான் கண்டிருக்கிறேன். நான் பணியாற்றிய எந்த ஆட்சியரும், உயிர் பற்றிய அழைப்புக்காகத் தூக்கம் கெட்டதென்று கோபித்ததில்லை. விடிந்த பிறகு தெரிந்துகொண்டதற்காகக் கோபித்திருக்கிறார்கள். மறுபுறம், திங்கட்கிழமை காலை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கும்போது, அவசரமில்லாத நிதி ஒதுக்கீட்டை நினைவூட்டி எழுதுவது வீண். நூற்றுக்கணக்கான மனுக்களுக்கு நடுவில் அது காணாமல் போகும். அது கோப்பில் போக வேண்டியது. காலை வணக்கப் படங்களும் பண்டிகை வாழ்த்துகளும் அப்படியே. அவற்றைத் தொடர்ந்து அனுப்பும் எண்ணிலிருந்து ஒரு நாள் உண்மையான அவசரம் வரும்போது, அதையும் ஒரு வாழ்த்தாக எண்ணித் தாண்டிப் போகும் ஆபத்து இருக்கிறது.

ஆட்சியரின் பதில் பெரும்பாலும் ஒரு வரிதான். "மாவட்ட வருவாய் அலுவலரிடம் பேசுங்கள்." அதற்கு "சரி அம்மா, பேசுகிறேன்" என்று ஒரு முறை. பேசி முடிந்ததும் முடிவை ஒரு வரியில். நன்றி, மிக்க நன்றி, கைகூப்பும் படம் என்று வரிசையாக அனுப்பினால், அவர் ஒவ்வொரு முறையும் கைப்பேசியை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். 11.15க்கு அனுப்புவதாகச் சொன்ன நிலவரத்தை 11.15க்கு அனுப்ப வேண்டும், எதுவும் மாறாவிட்டாலும். "மாற்றம் இல்லை. வளையம் முடிந்தது. அடுத்தது 12.00க்கு" என்றால் போதும். அந்த நேரத்துக்குச் செய்தி வரவில்லை என்றால் கரை உடைந்துவிட்டதோ என்றுதான் மேலே இருப்பவர் நினைப்பார். ஆபத்து நீங்கிய பின் அதையும் சொல்லி முடிக்க வேண்டும். பல பேர் விடியலில் களைத்துப் போய் வீட்டுக்குச் சென்றுவிடுவார்கள். முகாமில் இருக்கும் மக்களைத் திருப்பி அனுப்பலாமா என்று தெரியாமல் வட்டாட்சியர் நண்பகல் வரை காத்திருப்பார்.

கடைசியாக, கோப்பு. இரவில் ஆட்சியர் கைப்பேசியில் சொன்ன உத்தரவின்பேரில் 40 குடும்பங்கள் இடம் மாறியிருக்கின்றன, ஜேசிபி ஓடியிருக்கிறது, டீசல் செலவாகியிருக்கிறது, முகாமில் சமையல் நடந்திருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் பின்னால் தணிக்கை வரும். இந்திய ஆட்சிப் பணி அலுவலர்களுக்கான 1968ஆம் ஆண்டு நடத்தை விதிகள், மேலதிகாரியின் உத்தரவு வழக்கமாக எழுத்தில் இருக்க வேண்டும் என்றும், வாய்மொழியாகச் சொல்ல நேர்ந்தால் உடனே அதை எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும் என்றும் சொல்கின்றன. 2013 அக்டோபர் இறுதியில் உச்ச நீதிமன்றமும், அரசு அலுவலர்கள் வாய்மொழி உத்தரவுகளைப் பதிவு செய்ய வேண்டியதன் தேவையை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. கைப்பேசிச் செய்தி எழுத்துத்தான் என்றாலும், அது இருப்பது ஒரு கைப்பேசியில். கைப்பேசி பழுதாகலாம், ஆட்சியர் மாறலாம். எனவே மறுநாள் அலுவலகம் திறந்ததும் உதவிப் பொறியாளர் தன் செயற்பொறியாளர் வழியாக ஒரு குறிப்பு அனுப்ப வேண்டும்: எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்ன தெரிவித்தேன், ஆட்சியர் எத்தனை மணிக்கு என்ன உத்தரவிட்டார், அதன்படி என்ன செய்யப்பட்டது, பின்னேற்பு வேண்டப்படுகிறது என்று. செய்திகளின் ஸ்கிரீன்ஷாட்டை அதோடு இணைக்கலாம். "பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது" என்ற தொடருக்கும், ஏரியின் ஆயக்கட்டுக்கும், கரையின் நீளத்துக்கும், கடந்த ஆண்டுப் பராமரிப்புக்கும் அங்கே தாராளமாக இடம் உண்டு. அந்தக் குறிப்பு முறைப்படி ஒவ்வொரு படியாக ஏறி வரட்டும். அதற்கு நேரம் இருக்கிறது.